மெட்ஃபார்மின் துண்டறிக்கை: ‘குடல் ஒவ்வாமை’ என்ற சொல் சரியா?

சேகரன்:
நண்பர்களே, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் தொடங்குபவர்களுக்கு ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆரம்ப வாரங்களில் வரும் பேதி, குமட்டல், பசியின்மை மூன்றுக்கும் சேர்த்து மருத்துவர்கள் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் ‘குடல் ஒவ்வாமை’ என்று போட்டிருக்கிறேன். மருந்து உடம்புக்குச் சேரவில்லை என்பதுதானே பொருள்?

மீனா:
ஐயா, ‘ஒவ்வாமை’ மட்டும் வேண்டாம். அதைப் படிக்கிறவர் அடுத்த மருத்துவரிடம் “எனக்கு மெட்ஃபார்மின் அலர்ஜி” என்பார், அவரும் அப்படியே சீட்டில் எழுதிவைப்பார், நல்ல மருந்து ஒன்று அவருக்கு நிரந்தரமாகக் கைவிட்டுப் போகும். இதில் தடிப்பு, மூச்சுத்திணறல் மாதிரி எதுவும் கிடையாது. மருந்து வேலை செய்கிற இடங்களில் குடலும் ஒன்று. விழுங்கியதில் ஏறக்குறைய பாதிதான் இரத்தத்துக்குப் போகிறது, குடல் சுவரிலோ இரத்தத்தில் இருப்பதைப்போல் பல மடங்கு சேர்ந்து நிற்கிறது.

பழனி:
அப்படியென்றால் காரணம் எளிது. மருந்து சர்க்கரையை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது, அது பெருங்குடலுக்குப் போய்ப் புளித்துப் பேதியாகிறது. ‘சர்க்கரைப் புளிப்பு’ என்று வைக்கலாமே.

மீனா:
பழனி, பெருங்குடல் வரை சரியாக வந்துவிட்டீர்கள். ஆனால் நீங்கள் சொல்லும் கதை அகார்போஸ் மாத்திரையுடையது. மெட்ஃபார்மினில் முக்கியமாகச் சந்தேகிக்கப்படுவது பித்த அமிலம். சாப்பாட்டோடு குடலுக்கு வரும் பித்த அமிலத்தில் பெரும்பகுதியைச் சிறுகுடலின் கடைக்கோடி திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கு அனுப்பிவிடும். மெட்ஃபார்மின் அந்த உறிஞ்சலைக் குறைக்கிறது, மிஞ்சிய அமிலம் பெருங்குடலுக்குப் போய் நீரைச் சுரக்கவைக்கிறது, மலம் தளர்ந்துவிடுகிறது. குடல் செல்களிலிருந்து செரோடோனின் கூடுதலாக வெளிவருவதும் ஒரு காரணமாக இருக்கலாம், குமட்டலுக்கு அது பொருந்தும். பசி குறைவது வேறு வழி. ஜிடிஎஃப்-15 என்ற புரதம் இரத்தத்தில் கூடி மூளைத்தண்டுக்குச் செய்தி சொல்கிறது. குடலிலிருந்து வரும் ஜிஎல்பி-1 ஹார்மோனும் கொஞ்சம் கூடுகிறது. எதற்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் முடிவாகவில்லை.

கலா:
சொல் விவாதத்துக்கு நடுவில் கேட்பதற்கு மன்னியுங்கள். அப்பாவுக்கு 500 மில்லிகிராம் காலை, இரவு என்று எழுதியிருக்கிறார்கள். காலை மாத்திரையைக் காபிக்கு முன்னாடியே போட்டுக்கொள்கிறார், பத்து மணிக்குள் இரண்டு மூன்று தடவை போய்விடுகிறது. சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்று பயந்து மிட்டாய் வேறு சாப்பிடுகிறார். இதில் மலத்தோடு மாத்திரை முழுசாக வருகிறது என்கிறார். உள்ளே போகவே இல்லையா?

மீனா:
கலா, மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை அப்படிச் சட்டென்று தாழ்வது அரிது. குளுக்கோமீட்டரில் ஒருமுறை பாருங்கள், மிட்டாய்க்கு வேலை இருக்காது. முழுசாக வருவது வெறும் கூடு. அவருடையது மெதுவாகக் கரையும் வகையாக இருக்கவேண்டும், மருந்து கசிந்து போனபின் கூடு மட்டும் மெத்தென்று வெளியே வரும். வெறும் வயிறுதான் முதல் சந்தேகம். வழக்கமாக இரவுச் சாப்பாட்டின் நடுவில் ஒரு 500-இல் தொடங்கி, ஒன்றிரண்டு வாரம் கழித்து வயிறு அடங்கியிருந்தால்தான் அடுத்ததைச் சேர்ப்பார்கள். கூட்டியதும் பேதி திரும்பினால் முந்தைய அளவுக்கு இறங்கிக் கொஞ்சம் காத்திருப்பார்கள். அப்பாவுக்கு எடுத்த எடுப்பில் இரண்டு வேளை. மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று: வாந்தியும் பேதியும் சேர்ந்து தண்ணீர்கூடத் தங்காத நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இரத்தத்துக்குப் போன மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, உடம்பு வறண்டால் உள்ளே தேங்கும்.

சேகரன்:
‘ஒவ்வாமை’யை அடித்துவிட்டேன். ‘குடல் ஏற்காமை’ எப்படி?

பழனி:
‘குடல் பழகாமை’ இன்னும் நன்று. பழகினால் போய்விடும் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

மீனா:
அதனால்தான் எனக்குத் தயக்கம். பெரும்பாலோருக்குப் போய்விடும். ஆனால் அளவைக் குறைத்தும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றியும் அடங்காமல் மருந்தையே விடவேண்டி வருகிற சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ‘பழகாமை’ என்றால் இன்னும் பொறுத்துக்கொள் என்று சொல்வதாகிவிடும். என் ஓட்டு ‘ஏற்காமை’க்கு.

பழனி:
சரி. ஆனால் என் மாமா பல வருடமாகத் தொந்தரவே இல்லாமல் போட்டுவந்தார், இப்போது திடீரென்று பேதி. இவருக்கும் அதே சொல்தானா?

மீனா:
வருடங்கள் கழித்தும் இந்த மருந்தால் பேதி வருவதுண்டு. ஆனால் மருந்தின் மேல் பழிபோடுவதற்கு முன் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மருத்துவர் சொல்லிச் சில நாள் நிறுத்தினால் நிற்கிறதா என்பது நல்ல தடயம். சேகரன் ஐயா, துண்டறிக்கையில் இதைத் தனிப் பத்தியாக வையுங்கள், ஆரம்பகாலத் தொந்தரவோடு கலக்கவேண்டாம். பெயர் என்ன என்று எனக்கும் இன்னும் தோன்றவில்லை.