இறுதிச் சுற்று முடிந்தது, சொன்ன தேதியும் போனது: நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்?

ஓரத்து நாற்காலி

இறுதி நேர்காணல் முடிந்து எழுந்தபோது துறைத் தலைவரே, "வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுகிறோம்" என்றார். வெள்ளி போய்த் திங்களும் போய்விட்டது. ஆரம்பத்திலிருந்து எல்லாச் சுற்றையும் ஏற்பாடு செய்த எச்.ஆர். பெண்மணி முன்பெல்லாம் மெயில் போட்டால் உடனே பதில் தருவார். இப்போது அங்கே சத்தமே இல்லை. "ஏதாவது அப்டேட் உண்டா?" என்று ஒரு வரி எழுதி, அனுப்பாமல் டிராஃப்டில் வைத்திருக்கிறேன். அவசரக்காரன் என்று நினைத்துவிடுவார்களோ என்று தயக்கம். இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் யாரிடம் கேட்டீர்கள், எப்படிக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று சொல்லுங்கள்.

நாலாம் மாடி

தேதி தாண்டினால் இல்லை என்றுதான் அர்த்தம். எனக்கு வேலை கிடைத்த இடங்களில் எல்லாம் சொன்ன நாளுக்கு முன்பே போன் வந்தது. வராத இடங்களில் கேட்டுப் பார்த்தேன், ஒரு பலனும் இல்லை. மனசைத் தேற்றிக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பழைய பேனா

நான் பல வருடம் ஆள் எடுக்கும் பக்கம் இருந்தவள். நாலாம் மாடி சொல்வதில் பாதி சரி. முதல் தேர்வாக இருப்பவரைச் சீக்கிரம் கூப்பிட்டுவிடுவார்கள். ஆனால் கூப்பிடப்படாத எல்லோரையும் கழித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. உள்ளே என்ன நடக்கும் என்பதற்கு நான் கையாண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு இடத்துக்கு இரண்டு பேர் இறுதிவரை வந்தார்கள். குழு ஒருவரை முதலாவதாகவும் இன்னொருவரை இரண்டாவதாகவும் வைத்தது. முதலாமவருக்கு ஆஃபர் போனது. அவர் சம்பளம் போதாது என்றார். கூட்டிக் கொடுக்க மேலே ஒரு கையெழுத்து வேண்டும், கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில். இதற்குள் எல்லோருக்கும் சொல்லியிருந்த தேதி கடந்துவிட்டது. முதலாமவர் ஆஃபரில் கையெழுத்துப் போடும்வரை இரண்டாமவருக்கு 'இல்லை' என்று சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. 'இருக்கிறது' என்றும் சொல்ல முடியாது.

அப்போது இரண்டாமவர் "முடிவு தெரிந்ததா?" என்று எழுதினார். நான் பதில் போடவில்லை. போட்டால் ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லை உள் விஷயத்தைக் கசியவிட வேண்டும். சில நாள் கழித்து அவரே, "முடிவு தாமதமாகலாம், புரிகிறது. புதிதாக ஒரு தேதி சொல்ல முடியுமா? அதை வைத்து மற்ற வேலைகளைத் திட்டமிட்டுக்கொள்வேன்" என்று எழுதினார். இதற்கு உடனே பதில் போட்டேன், ஏனென்றால் தேதி சொல்ல நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கடைசியில் முதலாமவர் வரவில்லை, இரண்டாமவர்தான் சேர்ந்தார்.

அதனால் முடிவைக் கேட்காதீர்கள், தேதியைக் கேளுங்கள். சொன்ன நாள் முடிந்து ஒன்றிரண்டு வேலை நாள் விட்டுவிட்டு எழுதலாம். உங்களுக்கு அந்த நேரம் வந்துவிட்டது. புது மெயில் வேண்டாம், நேர்காணலை உறுதி செய்த அதே மெயிலுக்குப் பதிலாகப் போடுங்கள். எந்த வேலை, எந்தச் சுற்று என்று அவர் தேட வேண்டியிருக்காது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். இறுதிச் சுற்றின்போது வெள்ளிக்கிழமைக்குள் முடிவு தெரியும் என்று சொல்லியிருந்தீர்கள். இன்னும் பரிசீலனை நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். எப்போது தெரிய வரும் என்று உத்தேசமாக ஒரு தேதி சொல்ல முடியுமா? இந்த வேலையில் சேர எனக்கு இன்னும் ஆர்வம் இருக்கிறது. என்னிடமிருந்து வேறு விவரம் தேவைப்பட்டால் தெரிவியுங்கள்."

அவ்வளவுதான். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" எல்லாம் வேண்டாம். தேதியைச் சொன்னது அவர்கள்.

கதவோரம்

எனக்கும் இதே கதைதான்! ஆஃபர் கையில் வந்துவிட்டது, பழைய இடத்தில் ராஜினாமாவும் கொடுத்துவிட்டேன், சேரும் தேதியை மட்டும் தள்ளிக்கொண்டே போகிறார்கள். தினமும் போன் செய்கிறேன். விடாதீர்கள், பிடித்து உலுக்குங்கள்.

ஓரத்து நாற்காலி

உங்கள் நிலைமை இன்னும் சிக்கல்தான். ஆனால் உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கிறது, உரிமையோடு கேட்கலாம். எனக்கு அதுவே இல்லை, தினமும் போன் போட்டால் கதை முடிந்துவிடும்.

சும்மா ஒருவன்

நானும் இப்படி ஒரு இடத்தின் முடிவுக்குக் காத்திருந்தேன். என்னிடம் அப்போது வேறொரு கம்பெனியின் ஆஃபர் எழுத்தில் இருந்தது. வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். நான் திங்கள் காலையிலேயே காத்திருந்த இடத்துக்கு எழுதினேன்: "வேறொரு இடத்துக்கு வியாழனுக்குள் பதில் தர வேண்டியிருக்கிறது. உங்கள் இடம்தான் எனக்கு முதல் விருப்பம். புதனுக்குள் நிலவரம் தெரிய வாய்ப்பு உண்டா?" கம்பெனி பெயரோ சம்பளமோ சொல்லவில்லை. செவ்வாய் மாலையே போன் வந்தது.

இதைப் பார்த்து என் நண்பன், இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லி எழுதினான். "வாழ்த்துகள், எங்களுக்கு இன்னும் நேரம் ஆகும், அதையே ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று அழகாகக் கதவைச் சாத்திவிட்டார்கள். பாவம், அதற்கு மேல் அவன் என்ன சொல்ல முடியும்?

பழைய பேனா

உண்மையான கெடு இருந்தால் எங்களுக்கும் உதவிதான். அந்த மெயிலை அப்படியே மேனேஜருக்கு அனுப்பி, "இவர் போய்விடுவார், சீக்கிரம் சொல்லுங்கள்" என்று நெருக்குவேன். ஆனால் கெடு முடியும் நாளன்று சாயங்காலம் எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நாலாம் மாடி

எச்.ஆரை ஏன் சுற்ற வேண்டும்? முடிவெடுப்பவர் துறைத் தலைவர்தானே. நேராக அவருக்கே எழுதலாமே.

பழைய பேனா

அவர் அதை எச்.ஆருக்குத்தான் தள்ளிவிடுவார், எச்.ஆருக்கும் சங்கடம். எச்.ஆர். இரண்டு மெயிலுக்கும் வாய் திறக்கவில்லை என்றால் மட்டும் அவருக்கு எழுதலாம்.

சும்மா ஒருவன்

இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். சின்ன கம்பெனி என்றால் எச்.ஆர். வெறும் தபால்காரர். எனக்கு ஒருமுறை மேனேஜரிடம் நேராகக் கேட்டுத்தான் வேலை நகர்ந்தது.

ஓரத்து நாற்காலி

பழைய பேனா சொன்ன மாதிரியே செவ்வாய் காலையில் அனுப்பினேன். மதியமே பதில்: "தாமதத்துக்கு வருந்துகிறோம். பட்ஜெட் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறோம். அடுத்த புதனுக்குள் தெரிவிப்போம். உங்கள் நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று ஒருமுறை உறுதிப்படுத்துங்கள்." நோட்டீஸ் பீரியட் கேட்டால் கிடைத்த மாதிரிதானே?

நாலாம் மாடி

சரி, என் வாயை மூடிக்கொள்கிறேன். இனிப்பு எப்போது?

பழைய பேனா

கொஞ்சம் பொறுங்கள். நோட்டீஸ் பீரியட், கடைசிச் சம்பளச் சீட்டு, முன்பு உங்களோடு வேலை பார்த்தவர்களின் தொடர்பு விவரம் இதெல்லாம் கேட்டால் நீங்கள் இன்னும் பட்டியலில் இருக்கிறீர்கள் என்பது நிச்சயம். எத்தனையாவது இடம் என்பதை அது சொல்லாது. இரண்டாமவரிடமும் நான் அதையெல்லாம் கேட்டு வைத்திருக்கிறேன். பட்ஜெட் ஒப்புதல் என்பது நிஜமான காரணமாகவும் இருக்கும், முதலாமவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது சொல்லும் காரணமாகவும் இருக்கும். வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை. தேதியோடு பதில் வந்திருப்பது மட்டும் நல்ல விஷயம். "செயல்முறையில் உள்ளது" என்று மொட்டையாக வந்திருந்தால் நான் இவ்வளவு சொல்ல மாட்டேன்.

ஓரத்து நாற்காலி

அந்தப் புதனும் தாண்டினால்?

பழைய பேனா

வெள்ளியன்று அதே மெயிலில் இன்னொரு முறை எழுதுங்கள், இதைவிடச் சின்னதாக. அதற்கும் பதில் இல்லை என்றால் மூன்றாவது எழுதாதீர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டால் அவர்களே வருவார்கள், மாதக் கணக்கில் கழித்துக்கூட வந்ததைப் பார்த்திருக்கிறேன். வேறு நேர்காணல் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

ஓரத்து நாற்காலி

வியாழக்கிழமை ஒன்று இருக்கிறது. இந்தப் பதில் வந்த சந்தோஷத்தில் அதை ரத்து செய்யலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகிறேன்.