உதவி: ரீவியில் சப்டைட்டில் ஓன் செய்தும் எழுத்து வரவில்லை

கொக்குவில் பேரன்: அம்மம்மாவுக்குக் காது நன்றாகக் குறைந்துவிட்டது. ரீவியில் Captions-ஐ ஓன் செய்து, எழுத்தைப் பெரிதாக்கி, மஞ்சள் நிறமும் வைத்தேன். ஒரு எழுத்துக்கூட வருகுதில்லை. இரவுச் செய்திக்கு முன் சரிசெய்ய வேணும், அவசரம்.

சுன்னாகத்தார்: என்ன ரீவி? அம்மம்மா எதில் பார்க்கிறா? அன்டெனாவா, டிஷ் பெட்டியா, யூடியூப்பா?

பழைய ஆள்: இந்த விபரமெல்லாம் எழுதாமல் உதவி கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. தம்பி, முதலில் கேள்வியை ஒழுங்காக எழுதப் பழகும்.

கொக்குவில் பேரன்: மன்னிக்கவேணும். கூகுள் ரீவி. செய்தி டிஷ் பெட்டியில், HDMI வயரில் வருகுது.

வயர் அண்ணை: அதுதான் பிழை. HDMI வயருக்குள்ளால் சப்டைட்டில் போகாது. டிஷ்ஷை விட்டுவிடுங்கோ, ஒருநாளும் வராது.

மானிப்பாய் அக்கா: பாதிதான் சரி. சப்டைட்டில் தனியாக வயரில் போகாது, உண்மை. ஆனால் டிஷ் பெட்டியே எழுத்தைப் படத்தின்மேல் போட்டு அனுப்பலாம். அதனால்தான் ரீவியில் வைத்த மஞ்சள் அங்கே எடுபடவில்லை. பெட்டியின் றிமோட்டில் Subtitle பட்டனை அழுத்திப் பாருங்கோ. பட்டியல் வெறுமையாக இருந்தால் அந்த சனல் அனுப்பவில்லை என்று அர்த்தம், எந்த செற்றிங்கும் உதவாது.

நல்லூர் வாசி: என் அப்பாவுக்கு நாங்கள் காதுக்கருவியே வாங்கிக் கொடுத்தோம். எழுத்து வாசிப்பதைவிட அது நல்லது.

மானிப்பாய் அக்கா: என் அம்மா கருவி போட்டும் ரீவிப் பேச்சைப் பிடிக்கமாட்டா. பின்னணி இசையும் சேர்ந்து பெரிதாகிவிடும்.

நல்லூர் வாசி: கருவியைச் சரியாக அளந்து பொருத்தவில்லை போல.

மானிப்பாய் அக்கா: மூன்று தரம் பொருத்தியாயிற்று, அண்ணை. அதை விடுவோம். பேரன், யூடியூப்பில் வீடியோ ஓடும்போது CC-யைத் தெரிவுசெய்து, அதற்குள் Caption style-க்குப் போங்கோ. அங்கே வைப்பது யூடியூப்பின் சொந்த அளவு, ரீவியினுடையது அல்ல. நான் முதலில் 200% வைத்தேன். வசனம் மூன்று வரியாகி, பேசுபவரின் வாயை மறைத்தது. அம்மா உதட்டையும் பார்த்துத்தான் விளங்கிக்கொள்வா. 150%-க்கு இறக்கினேன். நிறத்தைவிடப் பின்னணிதான் முக்கியம். வெள்ளைச் சட்டைக்கு மேல் வெள்ளை எழுத்து கரைந்துபோகும். பின்னணியைக் கறுப்பாக்கி, opacity-யை 75% வையுங்கோ. அதற்குமேல் போனால் படம் மறைகிறது.

சுன்னாகத்தார்: எழுத்து மங்கலாகத் தெரிந்தால் கண்ணையும் காட்டுங்கோ. என் மாமிக்கு அது கற்றராக்ட்.

கொக்குவில் பேரன்: பெட்டியில் பட்டியல் வெறுமைதான். யூடியூப்பில் 150%, கறுப்புப் பின்னணி வைத்தேன், வாசிக்கிறா. ஆனால் அந்த சனலின் செய்தி வீடியோவில் CC இல்லை. தமிழ் எழுத்தோடு செய்தி எதில் வருகுது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

வயர் அண்ணை: நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.