புதுப்பிப்பு: கையெழுத்துக் குறிப்பிலிருந்து பரிசளிப்பு விழா உரை

"தலைமையாசிரியர் கைப்பட எழுதிய குறிப்பைப் படமெடுத்துப் புலனத்தில் அனுப்பியிருக்கிறார். இதை எப்படி ஐந்து நிமிட உரையாக்குவது?" என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

அதற்குப் பதிலளித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா சொன்னபடி, வாக்கியம் அமைக்கும் முன் அம்புக்குறி, அடித்தல் உட்பட அனைத்தையும் அப்படியே படியெடுத்தேன். அடியில் இருந்த 'பெ.ஆ.ச. நன்றி' என்ற, பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நன்றி சொல்லும் வரியிலிருந்து கிளம்பிய அம்பு, விளிப்புக்கு அடுத்த இடத்தைச் சுட்டுவது அப்போதுதான் தெரிந்தது. வரிசையை மாற்றக்கூடாது என்று பதில் எழுதிய தம்பியின் கருத்து, பிரமுகர்களை விளிக்கும் முறைக்குப் பொருந்தும். இந்தக் குறிப்பிலோ தலைமையாசிரியரே வரிசையை மாற்றியிருக்கிறார்.

'ரப்பர் - செம்பனை - பள்ளி நிற்கிறது' என்ற துண்டை, "ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, நம் பள்ளி இன்றும் நிற்கிறது" என்று வாய்விட்டுப் படிக்க ஏதுவாக விரித்தேன்.

படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்ட மாணவர் எண்ணிக்கை 12ஆ, 72ஆ என்பது விளங்காததால், ஊகித்து நிரப்பாமல் இடம் விட்டுத் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.