நிமிடத்துக்கு 160 அடி: ஓடுவதற்குத் தோதான தமிழ்ப் பாட்டு சொல்லுங்களேன்

வணக்கம். சிங்கப்பூரில் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி வாரம் மூன்று நாள் ஓடுகிறேன். வலது கால் தரையில் படுவதை அரை நிமிடம் எண்ணினால் 40. அதாவது இரண்டு காலுக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 160 அடி.

நிமிடத்துக்கு 160 தாளத் தட்டு உள்ள பாட்டு வேண்டும். 80 தட்டு உள்ள பாட்டும் சரிவரும், வலது காலுக்கு மட்டும் ஒரு தட்டு விழும். சிக்கல் 130 பக்கம் வரும் குத்துப் பாட்டில்தான். வேக நடைக்கு அருமை. ஓடினால் அடி நீண்டு, குதிகால் முன்னே போய்க் குத்தி, முழங்கால் வலிக்கிறது.

155 முதல் 165 வரை, அல்லது அதில் பாதி உள்ள பாட்டு தெரிந்தால் சொல்லுங்கள். நடுவில் திடீரென்று மெதுவாகிற பாட்டு மட்டும் வேண்டாம். போன வாரம் அப்படித் தடுமாறி, பின்னால் வந்தவர் என்மேல் மோதப் பார்த்தார்.