தீபாவளிக்கு முதல் நாள் சிட்டி விளக்கு வனைய முடியுமா? ஒரு குயவர் கதைக்கு வந்த அனுபவங்கள்

நிலாவெளிக் கதைகாரன்

எங்கள் ஊர் இளைஞர்கள் நடிக்க ஒரு சிறிய கதையைக் காட்சிகளாக எழுதியிருக்கிறேன். மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வயதான குயவரும் அவருடைய பேத்தியும் வாழ்கிறார்கள். தொடக்கம் இப்படி:

காட்சி 1. தீபாவளிக்கு முதல் நாள் காலை. நல்ல வெயில். குயவர் சக்கரத்தில் சிட்டி வனைகிறார். பேத்தி முற்றத்தில் பரப்பிக் காயவைக்கிறாள்.

காட்சி 2. பின்னேரம். சூளை எரிகிறது.

காட்சி 3. இரவு. சுட்ட சிட்டிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு இருவரும் திருகோணமலைக்கு பஸ் ஏறுகிறார்கள்.

மண்பாண்டம் செய்பவர்களின் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். காட்சிகளில் உயிர் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கொட்டியாரத்தான்

தம்பி, என் அம்மப்பா சக்கரத்தில் இருந்தவர். மண் மிதித்துக் கொடுத்தே நாங்கள் வளர்ந்தோம். உங்கள் மூன்று காட்சிகளும் ஒரே நாளில் நடக்க வழியே இல்லை.

தீபாவளி ஐப்பசி அமாவாசையில் வருகிறது. அந்த நாட்களில் திருகோணமலையில் கச்சான் காற்று ஓய்ந்து மழை இறங்கத் தொடங்கிவிடும். அதனால் அம்மப்பா சிட்டி வேலையை ஆடி, ஆவணியிலேயே முடித்துவிடுவார். களிமண் குளத்தின் அடியில் இருந்து வருவது. குளம் வற்றிக் கிடக்கும்போது வெட்டி வந்து குவித்தால்தான் உண்டு. மழை பெய்து குளம் நிறைந்த பிறகு அந்த மண் தண்ணீருக்குள் போய்விடும். ஐப்பசியில் எங்கள் வீட்டில் நடந்தது விற்பனை மட்டும்தான். சிட்டிகளெல்லாம் கொட்டிலுக்குள் வைக்கோல் விரித்து அடுக்கித் தயாராக இருக்கும்.

வனைவதை நீங்கள் கிட்ட இருந்து காட்ட வேண்டும். ஒவ்வொரு சிட்டிக்கும் தனித்தனியாக மண் எடுத்து வைப்பதில்லை. பெரிய மண் திரளை ஒரேயடியாகச் சக்கரத்தின் நடுவில் ஏற்றுவார். அதன் உச்சியில் மட்டும் கட்டைவிரலை அழுத்திக் குழித்து, விளிம்பை உயர்த்தி, ஈர நூலால் அறுத்து எடுப்பார். அறுத்த இடத்திலிருந்தே அடுத்த சிட்டி எழும்பும். திரி வைக்கும் மூக்கைச் சக்கரம் தராது. மண் கொஞ்சம் இறுகும்வரை பொறுத்து, விளிம்பை இரண்டு விரலால் பிடித்துச் சுட்டுவிரலால் வெளியே இழுத்துவிடுவார். ஈரமாக இருக்கும்போது இழுத்தால் விளிம்பு சரியும், காய்ந்த பிறகு இழுத்தால் வெடிக்கும். எங்கள் வீட்டில் அது அம்மம்மாவின் வேலை. உங்கள் பேத்திக்கு அந்த வேலையைக் கொடுங்கள்.

கிண்ணியா வாசகர்

அண்ணா சொல்வது பெரிய பானைக்குச் சரி. சிட்டி சின்னப் பொருள். நல்ல வெயிலில் வைத்தால் ஒரே நாளில் காய்ந்துவிடும். மண்ணோடு மணல் கலந்தால் வெடிப்பும் வராது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கொட்டியாரத்தான்

மணல் விஷயம் உண்மை. சலித்த மணல் கொஞ்சம் சேர்ந்தால் மண் சுருங்குவது குறையும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறவும் வழி கிடைக்கும். அளவு மீறினால் மண்ணின் பிடிப்புப் போய், மூக்கை இழுக்கும்போதே உதிரும்.

வெயிலில்தான் நாம் வேறுபடுகிறோம். பச்சைச் சிட்டியை நேரே வெயிலில் வைத்தால் மெல்லிய விளிம்பு முதலில் சுருங்கிவிடும். தடித்த அடி ஈரமாகவே இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்க, மூக்குப் பக்கத்தில் மயிரிழைபோல ஒரு கீறல் விழும். அப்போது கண்ணுக்குத் தெரியாது. சூளையிலிருந்து எடுக்கும்போதுதான் பிளந்து கிடக்கும். அதனால் கச்சான் நாளில்கூட முதலில் நிழலில் இரண்டு மூன்று நாள், இடையில் கவிழ்த்து வைத்து. பிறகுதான் வெயில்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க அம்மம்மா சிட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தோடு சூளைக்குள் போனால் தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் சிட்டியை உடைத்துவிடும். ஒரு மழைக்காலத்தில் கடைக்காரர் ஒருவர் அவசரப்படுத்தியதால் அம்மப்பா அரைகுறையாகக் காய்ந்தவற்றை அடுக்கித் தீ வைத்தார். சிறிது நேரத்தில் உள்ளே பட், பட் என்று சத்தம். அவர் எதுவும் பேசாமல் சூளையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். மறுநாள் பிரித்தபோது அடி வரிசை முழுவதும் ஓட்டுத் துண்டு. உங்கள் கதைக்கு அந்தச் சத்தம் போதும் என்று நினைக்கிறேன்.

ஸ்காபரோ அக்கா

விளக்கைப் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். போன வருடம் ஊரிலிருந்து கொண்டுவந்த சிட்டியில் எண்ணெய் ஊற்றினால் அடியில் கசிந்து தரையெல்லாம் கறை. நல்லெண்ணெய் ஊற்றியதாலா? தேங்காய் எண்ணெய் என்றால் நிற்குமா?

தம்பலகாமம் டீச்சர்

எண்ணெயில் பிழை இல்லை அக்கா. சுட்ட மண்ணில் நுண்துளை இருக்கும், அது எண்ணெயைக் குடிக்கும். புதுச் சிட்டியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, மேல் ஈரம் உலர்ந்ததும் ஏற்றுங்கள். துளைகளில் தண்ணீர் நிற்பதால் எண்ணெய் குடிப்பது குறையும். ஊறும்போது அடி குழைந்து கரைந்தால் அது வேகாத சிட்டி, எறிந்துவிடுங்கள்.

கதைகாரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தீபாவளிக்கு எண்ணெய் வைத்து முழுகுவோம், புது உடுப்பு, கோயில், பலகாரம். வரிசையாகச் சிட்டி ஏற்றுவது கார்த்திகை விளக்கீட்டுக்குத்தான். படலைக்கு முன்னால் வாழைக்குற்றி நட்டு அதன் மேல் விளக்கு வைப்போம், கோயிலில் சொக்கப்பனை எரியும். உங்கள் குயவர் விளக்கீட்டுக்காகக் காத்திருப்பதுதான் பொருத்தம்.

கிண்ணியா வாசகர்

டவுனில் இப்போது தீபாவளிக்கும் கடைகளில் சிட்டி குவித்து வைத்திருக்கிறார்களே, டீச்சர்.

இன்னொன்று. கறுத்துப்போன சிட்டிதானே வேகாதது? அதை வைத்து ஒரு காட்சி எழுதலாம்.

கொட்டியாரத்தான்

கறுப்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பொச்சுமட்டையும் வைக்கோலும் மூடி எரியும்போது காற்றுப் படாத இடத்தில் புகை ஏறிக் கறுக்கும், ஆனாலும் வெந்திருக்கும். விரலால் சுண்டிப் பாருங்கள். கணீர் என்றால் வெந்தது, தொப் என்றால் வேகாதது அல்லது கீறல் விழுந்தது.

தீயை முதலில் இரண்டு மூன்று மணி நேரம் புகையவிட்டுத்தான் பிறகு ஏற்றுவார்கள். எரிந்து முடிந்ததும் பிரிக்கக் கூடாது. இரவு முழுக்க ஆற வேண்டும். சூட்டோடு எடுத்தால் குளிர்காற்றுப் பட்டதும் விரிசல் விடும். ஆகவே உங்கள் மூன்றாம் காட்சி அதே இரவில் வராது.

நிலாவெளிக் கதைகாரன்

எல்லோருக்கும் நன்றி. இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்:

காட்சி 1. ஆவணி. வற்றிய குளம். குயவர் மண் வெட்டுகிறார். பேத்தி கல் பொறுக்குகிறாள்.

காட்சி 2. ஐப்பசி. கொட்டிலுக்குள் ஒழுக்கு. அடுக்கியிருந்த சுட்ட சிட்டிகளில் பாதியின் மேல் கூரை சரிந்துவிட்டது. கடைக்காரர் வாசலில் நிற்கிறார்.

கடைக்காரர்: மிச்சத்தைச் செய்து தர மாட்டீர்களா, அப்பு?

குயவர்: பச்சை மண் கொஞ்சம் இருக்கிறது. காய வெயில் இல்லை.

பேத்தி: அடுப்பங்கரையில் காயவைப்போமா, தாத்தா?

அடுப்புச் சூட்டில் காயவைப்பது நடக்கக்கூடியதா? அதில்தான் கதை நிற்கிறது.

கொட்டியாரத்தான்

செய்திருக்கிறார்கள். அடுப்புக்கு மேலே பரண் கட்டி, அதில் வைத்து. பத்து இருபது என்றால் சரி, சந்தைக்கு வேண்டிய அளவு ஏறாது. ஒரு வாரமாவது வேண்டும், அடிக்கடி திருப்ப வேண்டும். தப்பியவை எத்தனை என்று சூளையைப் பிரித்த பிறகுதான் தெரியும்.

தம்பலகாமம் டீச்சர்

ஒரு வாரம் வேண்டும் என்றால் தீபாவளி கைவிட்டுப் போகும். விளக்கீட்டுக்கு நாள் இருக்கும். இதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன்.

நிலாவெளிக் கதைகாரன்

தீபாவளியை விட மனமில்லை, டீச்சர். கடைக்காரர் தீபாவளிக்குக் கேட்பதாகவும், சிட்டிகள் விளக்கீட்டுக்குத்தான் வந்து சேர்வதாகவும் எழுதிப் பார்க்கிறேன். அண்ணா, பரண் எவ்வளவு உயரத்தில் இருக்கும்?

கொட்டியாரத்தான்

நின்றபடி கையை நீட்டினால் எட்டும் உயரம். அதைவிடத் தாழ்த்தினால் அடிப்பக்கம் முதலில் காய்ந்து, நான் சொன்ன அதே கீறல் இங்கேயும் விழும்.