ஸ்டாப்லாஸுக்குக் கீழே திறக்கும் பங்கை எப்போது விற்பது?

தேசியப் பங்குச் சந்தையில் சில நாள்கள் வைத்திருந்து விற்கும் ஸ்விங் முறையில், இரவுச் செய்தி என் இடர் கணக்கை உடைக்கிறது. 500 ரூபாயில் 100 பங்குகள் வாங்கி, 480இல் தூண்டப்பட்டு 478இல் விற்கும்படி ஜிடிடி ஆணை வைத்திருந்தேன். சந்தை முடிந்தபின் காலாண்டு முடிவு வெளியாகி, மறுநாள் 450இல் திறந்ததால், 478 லிமிட் நிறைவேறாமல், 2,200 ரூபாயாக இருக்கவேண்டிய நட்டம் 5,000 ஆனது.

முடிவு வெளியாகும் நாளுக்கு முன் பாதியை விற்றுப் பார்த்தேன். அது முன்னறிவிப்பில்லாத செய்திக்கு உதவவில்லை. முதல் 15 நிமிடம் காத்திருந்து, அந்தக் கேண்டிலின் அடிவிலையைப் புதிய ஸ்டாப்பாகக் கொண்டபோது சில பங்குகள் மீண்டன, சில மேலும் சரிந்தன. 9 மணிக்குத் தொடங்கும் முன்திறப்பு அமர்வில் தெரியும் உத்தேச விலையும், ஆணைகள் குறைவான பங்குகளில், கடைசி நிமிடம் வரை மாறுகிறது.

உத்தேச விலை ஸ்டாப்புக்குக் கீழே இருந்தால், முன்திறப்பிலேயே மார்க்கெட் ஆணையில் விற்பதா, முதல் கேண்டிலுக்குக் காத்திருப்பதா: பழைய தரவில் சோதித்தவர்கள் எந்த விதியைப் பின்பற்றுகிறீர்கள்?