ஸ்டாக்கிங்ஸ் மேல் போட எந்தச் செருப்பு?

ஜவுளிக்கடையில் 10 மணி நேரம் நின்றே வேலை. இடது காலில் வெரிகோஸ் வெயின். டாக்டர் சொன்னபடி முழங்கால் வரை இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போடுகிறேன். கால் கனம் குறைந்தது; செருப்புதான் தகராறு. விரல் மூடிய ஸ்டாக்கிங்ஸ் என்பதால் கட்டைவிரல் வார் வைத்தது நுழையாது. காலையில் வெறுங்காலில் அளவு பார்த்து வாங்கிய ஷூ, மாலை வீக்கத்தில் புறங்காலை அழுத்துகிறது. கழற்றினால் பள்ளம் தெரிகிறது.

ஒரு சைஸ் பெரிதாக வாங்கினேன். துணி வழுக்கி, குதிகால் கழன்று கழன்று வருகிறது. எனக்கு வேண்டியது நீளம் இல்லை, அகலம் என்று அப்புறம்தான் புரிந்தது. இனி மாலையில், ஸ்டாக்கிங்ஸோடே கடைக்குப் போவேன்.

முன்பக்கம் அகலம், மேலே வெல்க்ரோ, பின்னால் வார், 2 செ.மீ. குதிகால் உள்ள செருப்பு யாராவது போடுகிறீர்களா? வெல்க்ரோவின் முரட்டுப் பக்கம் ஸ்டாக்கிங்ஸ் நூலை இழுக்குமா?